கரும்புள்ளி: விபத்துப் பதிவேடு காட்டும் இடமும் தணிக்கை தேடும் காரணமும்

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய விபத்துகள் கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகளில் அங்கே ஐந்து நடந்திருந்தால் அது கரும்புள்ளி. விபத்துகள் ஐந்துக்குக் குறைவாக இருந்தாலும், அந்த மூன்று ஆண்டுகளில் அங்கே பத்துப் பேர் இறந்திருந்தால் அதுவும் கரும்புள்ளிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015இல் வகுத்த வரையறை இது. பத்திரிகைகளில் ‘பிளாக் ஸ்பாட்’ என்று அடிபடுவதும், நெடுஞ்சாலைத் துறையின் பட்டியல்களில் வரிசை எண்ணோடு இடம்பெறுவதும் இந்த அளவுகோலில் தேறிய இடங்களே.

ஓட்டுநரின் தவறுதான் எல்லா விபத்துக்கும் காரணம் என்றால், விபத்துகள் சாலை நெடுகச் சிதறிக் கிடக்க வேண்டும். கவனக்குறைவானவர்கள் ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு வந்ததும் திடீரென்று பெருகிவிடுவதில்லை. ஆனால் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரே வளைவு, ஒரே சந்திப்பு, ஒரே பாலம் என்று விபத்துகள் குவிந்து கிடக்கின்றன. வேறு வேறு ஊரிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால், அந்தத் தவறைச் செய்யவைக்கும் ஏதோ ஒன்று அந்த இடத்தில் இருக்கிறது. கரும்புள்ளி ஆய்வு முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

கரும்புள்ளியைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது விபத்து நடந்த இடத்தின் துல்லியமான பதிவு. நீண்ட காலம் இங்கேதான் பெரிய ஓட்டை இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் ‘பெட்ரோல் பங்க் அருகே’, ‘பேருந்து நிறுத்தம் அருகே’ என்று எழுதியிருக்கும். வழக்கை நடத்த அது போதும். சாலையைத் திருத்த வேண்டிய பொறியாளருக்கோ அது எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் தள்ளி என்பது தெரிந்தாக வேண்டும். தமிழ்நாடு இதில் முன்கூட்டியே விழித்துக்கொண்ட மாநிலம். உலக வங்கிக் கடனுதவியில் நடந்த சாலைத் திட்டத்தின் ஒரு பகுதியாக, விபத்து விவரங்களை வரைபடத்தோடு கணினியில் ஏற்றும் முறையைக் காவல்துறை மற்ற பல மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியது. பின்னர் நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தை சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. முதற்கட்டமாக அது நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த முறையில் காவலர் விபத்து நடந்த இடத்திலேயே கைபேசிச் செயலியில் விவரங்களைப் பதிவுசெய்கிறார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதனுடன் சேர்ந்து பதிவாகின்றன. சாலைக்குப் பொறுப்பான பொறியாளருக்குத் தகவல் போக, அவர் அந்த இடத்தைப் பார்த்து வளைவு, வெளிச்சம், தளம், பலகைகள் பற்றிய தம் குறிப்பைச் சேர்க்கிறார். வாகனத்தை ஆய்வு செய்யும் போக்குவரத்துத் துறையும் காயத்தின் விவரம் தரும் மருத்துவமனையும் அதே பதிவில் தங்கள் பங்கை நிரப்புகின்றன.

இப்படிச் சேர்ந்த புள்ளிகளை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிலோமீட்டர் கல்லை வைத்து சாலையை அரை கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டி எண்ணுவது எளிது, ஆனால் தவறான விடை தரும். ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். 41ஆவது கிலோமீட்டர் கல்லிலிருந்து 400ஆவது மீட்டருக்கும் 500ஆவது மீட்டருக்கும் இடையில் மூன்று கொடிய விபத்துகள் நடந்திருக்கின்றன. 500க்கும் 600க்கும் இடையில் இன்னொரு மூன்று. 500ஆவது மீட்டரில் வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று மூன்றுதான் சேரும். இரண்டுமே பட்டியலில் ஏறாது. உண்மையிலோ வெறும் 200 மீட்டருக்குள் ஆறு விபத்துகள் நடந்திருக்கின்றன. எனவே 500 மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டத்தைச் சாலையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு நிலையிலும் அதற்குள் எத்தனை விபத்துகள் விழுகின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு காவல் நிலையங்களின் எல்லை ஒரே இடத்தில் சந்திக்கும்போதும் இதே சிக்கல்தான். ஆளுக்குப் பாதியாகப் பிரிந்த கணக்கை யாராவது ஒருவர் சேர்த்துப் பார்க்காவிட்டால், அந்த இடம் யார் பட்டியலிலும் வராது.

வரையறையின் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பேருந்து கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தால், அந்த ஒற்றை விபத்தாலேயே அந்த இடம் கரும்புள்ளி ஆகிவிடும். அங்கே சாலையில் எந்தக் கோளாறும் இல்லாமலும் இருக்கலாம். மறுபக்கம், நாளொன்றுக்குச் சில நூறு வண்டிகள் மட்டுமே ஓடும் கிராமச் சாலையில் மூன்று ஆண்டுகளில் நான்கு விபத்து நடந்தால், வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது அது மிக ஆபத்தான இடம். ஆனாலும் எண்ணிக்கை எட்டாததால் கணக்கில் வராது. எல்லாவற்றையும் விடக் கசப்பான உண்மை, இந்த அளவுகோல் இயங்கத் தொடங்குவதற்கே ஐந்து முறை யாராவது சாகவோ உடல் சிதையவோ வேண்டியிருக்கிறது என்பதுதான்.

தரவு இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அதிவேகம்’, ‘கவனக்குறைவு’ என்றுதான் இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. காவல்துறை விசாரிப்பது குற்றத்தை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளிலும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளிலும் வழக்குப் பதிய ஓர் ஓட்டுநர் வேண்டும். வளைவின் மேல் வழக்குப் போட முடியாது. ஆகவே சாலையின் பங்கு பதிவாகாமலேயே போய்விடுகிறது. அதை வெளியே கொண்டுவரும் வேலைதான் கள ஆய்வும் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் உள்ள தொப்பூர் கணவாய் இதைப் புரிந்துகொள்ள நல்ல சான்று. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாக இறங்குகிறது. பெங்களூரு பக்கமிருந்து சேலம், கோவை, கொச்சி நோக்கிச் சரக்கேற்றி வரும் கனரக லாரிகளுக்கு இதுவே முதன்மை வழி. நீண்ட இறக்கம், அதனோடு சேர்ந்த வளைவுகள், இரட்டைப் பாலம் என்று அழைக்கப்படும் இடம் இவையெல்லாம் சேர்ந்த பகுதி இது. 2020 டிசம்பரில் சேலம் நோக்கி வந்த ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்றிருந்த ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வாகனங்களின் மேல் மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரியில் இங்கே நடந்த இன்னொரு விபத்திலும் நால்வர் இறந்தனர். இடையில் நடந்தவையும் முன்பு நடந்தவையும் ஏராளம்.

இந்த விபத்துகளுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சொல்லப்படுவது ஒன்றுதான்: டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டுநர்கள் நியூட்ரலில் வண்டியை விடுகிறார்கள். அது உண்மையே. ஆனால் அது விபத்தாக முடிவது எப்படி என்பதைப் பார்த்தால்தான் சாலையின் பங்கு விளங்கும். 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அறை வெப்பத்தில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். கியரில் இறங்கும் வண்டியில் இந்த ஆற்றலில் ஒரு பெரும்பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்கிறது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதி இதனால்தான். நியூட்ரலில் விட்டால் ஏறத்தாழ முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் லைனிங் சூடேறச் சூடேற அதன் பிடிப்பு குறைகிறது. மேலே நன்றாகப் பிடித்த பிரேக், இறக்கத்தின் கடைசியில் மிதித்தும் பிடிக்காமல் போகிறது. அந்தக் கடைசி இடத்தில் வளைவோ பாலமோ தேங்கி நிற்கும் வண்டிகளோ இருந்தால், ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமிருக்காது.

ஆக, தவறு நடப்பது இறக்கத்தின் தலைப்பில். விபத்து நடப்பது அதன் அடிவாரத்தில். கரும்புள்ளிப் பட்டியல் அடிவாரத்தைத்தான் காட்டும். அந்த 500 மீட்டரை மட்டும் பார்த்து அங்கே எச்சரிக்கைப் பலகை நட்டால், பிரேக் போன பிறகு ஓட்டுநர் அதைப் படிப்பார். பலகையும் கட்டாய நிறுத்தமும் கியர் பற்றிய அறிவிப்பும் பல கிலோமீட்டருக்கு முன்பே, இறக்கம் தொடங்கும் முன் இருக்க வேண்டும். இதைக் கணினி சொல்லாது. விபத்துகளை ஒரு தாளில் வரைந்து பார்க்கும் பொறியாளர் சொல்வார்.

அந்தத் தாளுக்கு மோதல் வரைபடம் என்று பெயர். இடத்தின் எளிய படத்தை வரைந்து, ஒவ்வொரு விபத்துக்கும் வண்டிகள் வந்த திசையை அம்புக்குறியாகப் போட்டு, பக்கத்தில் தேதி, நேரம், வெளிச்சம், மழை, வண்டியின் வகை ஆகியவற்றைக் குறிப்பார்கள். பத்து விபத்தை வரைந்து முடிப்பதற்குள் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தென்பட்டுவிடும். எல்லா அம்புகளும் இறங்கும் திசையில், முன்வண்டியின் பின்பக்கத்தில் முட்டினால் அது பிரேக் சார்ந்த சிக்கல். இரவில் மட்டும் பாதசாரிகள் அடிபட்டால் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மழை நாளில் மட்டும் வண்டிகள் வளைவின் வெளிப்பக்கம் சறுக்கினால், தளம் வழவழப்பாகிவிட்டதா, தண்ணீர் வடிகிறதா, வளைவில் சாலை சரியான பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எந்த ஒழுங்கும் தெரியாவிட்டால் அதுவும் ஒரு தகவலே. அந்த இடம் தற்செயலாகப் பட்டியலில் ஏறியிருக்கக்கூடும்.

இதுவரை சொன்னது விபத்து நடந்த பிறகு செய்யும் வேலை. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை விபத்துக்காகக் காத்திருப்பதில்லை. 1980களில் பிரிட்டனில், குறிப்பாக கென்ட் பகுதியின் பொறியாளர்களிடையே உருவான முறை இது. ஏற்கெனவே உள்ள சாலைகளின் கரும்புள்ளிகளைத் திருத்தித் திருத்திக் களைத்தவர்கள், அதே தவறுகள் புதிய சாலைகளின் வரைபடங்களிலும் இருப்பதைக் கண்டு, கட்டும் முன்பே தடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தியாவில் இதற்கான கையேட்டை இந்தியச் சாலைக் கழகம் 2010இல் வெளியிட்டு, பின்னர் திருத்தியும் இருக்கிறது. திட்ட ஆய்வு, முதல்கட்ட வடிவமைப்பு, விரிவான வடிவமைப்பு, கட்டுமானம், திறப்புக்கு முந்தைய நிலை, ஓடிக்கொண்டிருக்கும் சாலை என எந்தக் கட்டத்திலும் தணிக்கை செய்யலாம். எவ்வளவு முன்பாகச் செய்கிறோமோ அவ்வளவு செலவு மிச்சம். வரைபடத்தில் ஒரு சந்திப்பை 100 மீட்டர் தள்ளிப்போட ரப்பரும் பென்சிலும் போதும். கட்டிய பிறகு நிலம் எடுக்க வேண்டும்.

தணிக்கையின் முதல் விதி, சாலையை வடிவமைத்தவர் அதைத் தணிக்கை செய்யக் கூடாது. தம் வரைபடத்தைப் பார்க்கும் பொறியாளர் தாம் நினைத்ததைத்தான் அதில் காண்பார்; புதிதாக வரும் ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும் என்பதைக் காணமாட்டார். எனவே தனியாக ஒரு குழு அமைக்கப்படுகிறது. சாலை வடிவமைப்பு அறிந்தவர், போக்குவரத்துப் பொறியியல் அறிந்தவர், விபத்து ஆய்வில் பழகியவர் அதில் இருப்பார்கள். சாலையின் உரிமைத்துறை வரைபடம், வாகன எண்ணிக்கை, விபத்துப் பதிவு, முந்தைய தணிக்கை அறிக்கை ஆகியவற்றைக் குழுவுக்குத் தர வேண்டும். ஒரு தொடக்கக் கூட்டத்தில் திட்டத்தின் நோக்கமும் எல்லையும் பேசப்படும். அதன்பின் குழு வரைபடங்களைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போகிறது.

களப்பார்வைதான் இதன் உயிர்நாடி. சாலையின் இரு திசைகளிலும் வண்டியில் போக வேண்டும். பிறகு இறங்கி நடக்க வேண்டும். பகலில் பார்த்த இடத்தை இரவிலும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சாலைகள். பகலில் தெளிவாக இருக்கும் வளைவு, ஒளிரும் பட்டை தேய்ந்துபோன பலகையால் இரவில் இருட்டுக்குள் மறைந்துவிடும். எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும் இடத்தில் மீடியனில் செடி பட்டுப்போயிருக்கும். பள்ளி விடும் நேரத்திலும் சந்தை கூடும் நாளிலும் போய் நிற்காமல் அந்த ஊரின் சாலையைப் புரிந்துகொள்ள முடியாது.

குழு கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, அளந்தும் பார்க்கிறது. முக்கியமான அளவு பார்வைத் தூரம். ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் அதை உணர்ந்து பிரேக் மிதிக்க இரண்டரை விநாடி ஆகும் என்று இந்தியச் சாலை விதிமுறைகள் எடுத்துக்கொள்கின்றன. அதையும் சேர்த்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 80 மீட்டர் தேவை. 80 கிலோமீட்டர் என்றால் 120 மீட்டர், 100 கிலோமீட்டர் என்றால் 180 மீட்டர். ஓட்டுநரின் கண்மட்டமாக 1.2 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்கும்போது, வளைவில் உள்ள புதரோ விளம்பரத் தட்டியோ பாலத்தின் கைப்பிடிச் சுவரோ இந்தத் தூரத்தை மறைத்தால், அங்கே ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. அவர் பார்க்கும்போது தூரம் தீர்ந்துபோயிருக்கும்.

தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் தணிக்கைக் குழு திரும்பத் திரும்பக் காணக்கூடிய ஒன்று, உணவகத்துக்காகவோ பெட்ரோல் பங்குக்காகவோ மீடியனில் உடைத்து விடப்பட்ட இடைவெளி. இன்னொன்று ராங் சைடில் வரும் இருசக்கர வண்டி. இதை ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதி முடிப்பது எளிது. குழு கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஊருக்குள் போக அடுத்த திருப்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிட்டதா? சரியான வழியில் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும், தவறான வழியில் 200 மீட்டர்தான் என்றால், பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்துக்கு எடுத்துப் போகும் விவசாயி தினமும் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்பது வரைபடம் போட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

தொப்பூர் போன்ற இறக்கத்தில் குழு வேறு சிலவற்றையும் பார்க்கும். இறக்கத்துக்கு முன் லாரிகள் நின்று பிரேக் சோதிக்க இடம் உண்டா? மெதுவாக இறங்கும் லாரிக்குத் தனித் தடம் உண்டா? பிரேக் போன லாரி ஒதுங்கி நிற்க, சரளைக்கல் நிரப்பிய ஏற்றமான பக்கத்தடம் அமைக்க நிலம் இருக்கிறதா? வளைவின் வெளிப்பக்கத்தில் உள்ள தடுப்பு, கார் மோதும் விசைக்கு அமைந்ததா, கனரக லாரியைத் தாங்குமா? தடுப்பின் முனை வண்டிக்குள் ஈட்டிபோல் பாயும்படி திறந்து நிற்கிறதா? தடுப்பே ஆளைக் கொல்லும் இடங்களும் உண்டு.

அறிக்கையில் ஒவ்வொரு குறையும் இடம், புகைப்படம், அதனால் யாருக்கு என்ன விபத்து நேரலாம், என்ன செய்யலாம், எவ்வளவு அவசரம் என்ற வரிசையில் எழுதப்படுகிறது. சாலை அழகாக இருக்கிறதா, செலவு மிகுந்ததா என்பது தணிக்கையாளரின் வேலை அல்ல. விதிமுறைப்படி இருக்கிறது என்பதும் போதிய பதில் ஆகாது. விதிமுறைப்படி கட்டிய இரண்டு பகுதிகள் சேரும் இடம் ஆபத்தாகலாம். நேரான சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவருக்கு, விதிப்படியே அமைந்த ஒரு சிறு வளைவு முன்னறிவிப்பின்றி எதிர்ப்படுவது இப்படிப்பட்டது. அறிக்கை கிடைத்ததும் சாலைத் துறை ஒவ்வொரு பரிந்துரைக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும்.

பரிந்துரைகளில் சில வாரக்கணக்கில் முடிபவை: மீடியன் இடைவெளியை மூடுவது, அதிர்வுப் பட்டைகள், பலகை, விளக்கு. சில ஆண்டுகள் எடுப்பவை: சுரங்கப்பாதை, மேம்பாலம், வளைவை நிமிர்த்துவது. தொப்பூரில் கடைசியாக எடுத்த முடிவு இரண்டாம் வகை. கணவாய்ப் பகுதியில் சுமார் ஆறரை கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. நடைமுறையில் பல இடங்களில் நடப்பது, நிரந்தரத் தீர்வு வருகிறது என்ற பேரில் தற்காலிக வேலைகளையும் நிறுத்திவிடுவது. மேம்பாலம் வரும்வரை அதே சாலையில்தான் வண்டிகள் ஓடுகின்றன.

திருத்திய பிறகும் வேலை முடியவில்லை. மூன்று ஆண்டுகளில் வழக்கத்துக்கு மாறாக அதிக விபத்து நடந்த இடத்தில், எதுவும் செய்யாவிட்டால்கூட அடுத்த ஆண்டு எண்ணிக்கை சற்றுக் குறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குறைவைப் பலகை நட்டதன் பலன் என்று கணக்கு எழுதிவிடக் கூடாது. மீண்டும் மூன்று ஆண்டுகள் பார்க்க வேண்டும். திருத்தப்படாத அதேபோன்ற இடங்களோடு ஒப்பிட வேண்டும். ஓர் இடைவெளியை மூடியதால் விபத்து அடுத்த இடைவெளிக்கு நகர்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த நடைமுறைகளுக்கு நீதிமன்றத்தின் அழுத்தமும் உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், கரும்புள்ளிகளைக் கண்டறிந்து நீக்கவும் சாலைகளைத் தணிக்கை செய்யவும் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்பு விதிமுறைகளைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரித்த அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ஓர் உயிருக்கு முன்னால் இந்தத் தொகை மிகச் சிறியது. ஆனால் அந்தச் சாலையின் நிலை ஆபத்தானது என்பது பொறுப்பானவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கரும்புள்ளிப் பட்டியலும் தணிக்கை அறிக்கையும் கைக்கு வந்துவிட்ட பிறகு, தெரியாது என்று எந்தத் துறையும் சொல்ல முடியாது.